எந்தத் தேதி விலை, அண்ணாச்சி?

"உளுந்து இப்ப என்ன ரேட்டு?"

நம் ஊரில் ஒரு நாளைக்கு இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் கைவிரல் போதாது. டீக்கடையில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் இலையைப் போட்டு உட்கார்ந்த பிறகும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. விளைவித்தவன் விலை கேட்காமல் வேறு யார் கேட்பது? என் சண்டை கேள்வியில் உள்ள "இப்ப" என்ற சொல்லோடும், அதற்கு உடனே பதில் சொல்லும் வாய்களோடும்தான். "இப்ப" என்றால் எப்போது? இன்று காலையா, நேற்றுச் சாயங்காலமா, போன சந்தையா? கேட்பவர் அதைச் சொல்வதில்லை. பதில் சொல்பவரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் எண் மட்டும் டக்கென்று வந்து விழுகிறது.

நான் தபால் துறையில் காலம் தள்ளியவன். காலையில் ஆபீசைத் திறந்ததும் எங்களுக்கு முதல் வேலை, தேதி முத்திரையில் நேற்றைய எண்ணைக் கழற்றிவிட்டு இன்றைய எண்ணை மாட்டுவது. மாட்டியதும் அதற்கென்று உள்ள ஒரு நோட்டில் ஒரு குத்து குத்தி, தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குப் பிறகுதான் கடிதமும் மணியார்டரும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. தேதி இல்லாத காகிதத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். இதை என் குணக்கேடு என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் போன மாசியில் பக்கத்து ஊரில் நடந்ததைப் பார்த்த பிறகு, இதை வெறும் குணக்கேடு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

அவர் பெயர் வேண்டாம். நாலு ஏக்கர் கரிசல், மானாவாரி. புரட்டாசிப் பட்டத்தில் உளுந்து விதைத்து, தையில் பிடுங்கி, களத்தில் அடித்து, பன்னிரண்டு குவிண்டால் கண்டார். நம் பக்கத்துக்கு இது நல்ல விளைச்சல்தான். மாசியில் ஒரு கமிஷன் கடைக்கு மாதிரி எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். இவர் முகம் சுருங்கிவிட்டது. ஏனென்றால் இவர் செல்போனில் ஒரு செய்தி இருந்தது. "உளுந்து விலை கிடுகிடு உயர்வு, வெளிச்சந்தையில் ஒன்பதாயிரத்துக்கும் மேல், விவசாயிகள் மகிழ்ச்சி" என்று. தங்கை மகன் அனுப்பியது. கடைக்காரர் சொன்னதற்கும் இதற்கும் குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். "என்னை ஏமாத்தப் பார்க்கீரா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மூட்டையை இறக்காமலே திரும்பி வந்துவிட்டார்.

அந்தச் செய்தியை அவர் என்னிடம் காட்டியபோது பங்குனி பிறந்துவிட்டது. முழுவதும் படித்தேன். மேலே தேதி இல்லை, கீழேயும் இல்லை. எந்த ஊர்ச் சந்தை என்றும் இல்லை. ஆனால் மூன்றாவது வரியில் ஒரு எண் இருந்தது: "அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதார விலை 6,950 ரூபாய்." அது போதும். அந்த ஒரு எண்ணே முத்திரை.

ஆதார விலையை மத்திய அரசு வருஷத்துக்கு ஒரு முறை அறிவிக்கிறது. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி போன்றவற்றுக்கு மே கடைசியிலோ ஜூனிலோ மந்திரிசபை கூடி முடிவு செய்யும். உளுந்துக்கு 6,950 என்று அறிவித்தது 2023 ஜூன் 7ஆம் தேதி. அடுத்த அறிவிப்பு 2024 ஜூன் 19ஆம் தேதி. அதில் உளுந்து 7,400 ஆயிற்று. ஆகவே 6,950ஐ நடப்பு ஆதார விலை என்று சொல்லும் எந்தச் செய்தியும் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் எழுதப்பட்டதாகத்தான் இருக்க முடியும். அறுவடைப் பேச்சும் அதில் இருந்ததால், 2024 தை மாசியில் யாரோ எழுதியது என்று துணிந்து சொல்லலாம். அவர் அதை நம்பி மூட்டையைத் திருப்பிக்கொண்டு வந்தது 2025 மாசியில். முழுசாக ஒரு வருஷப் பழைய செய்தி.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் செய்தி பொய் இல்லை என்பதுதான். 2024இல் உளுந்து ஆதார விலைக்கு நல்ல மேலேயே விற்றது. எழுதினவர் அன்றைக்கு உண்மையைத்தான் எழுதினார். தேதியை மட்டும் போடவில்லை. நம்மில் பலர் பொய்ச் செய்தி, பொய்ச் செய்தி என்று எச்சரித்துக்கொண்டே இருக்கிறோம். பொய்யை ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம். நேற்றைய உண்மை இன்றைக்கு வந்து நின்றால் யாரால் கண்டுபிடிக்க முடியும்? அது உண்மையின் முகத்தோடுதானே வருகிறது.

பயறு விலை ஒரு வருஷத்தில் எப்படி அப்படி மாறும் என்று கேட்பீர்கள். நம் கரிசலில் உளுந்து வெளிவருகிற அதே மாசி பங்குனியில்தான் மியான்மரிலும் உளுந்து வெளிவருகிறது. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதில் நிறையச் சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது. உளுந்துக்கு இறக்குமதி வரி இல்லை என்ற சலுகையை அரசு வருஷா வருஷம் நீட்டித்து, 2025இல் அதை 2026 மார்ச் 31 வரை கொண்டுபோயிற்று. ஒரு வருஷம் அங்கே விளைச்சல் குறைந்து கப்பல் தாமதித்தால் நமக்கு விலை ஏறும். அடுத்த வருஷம் சரக்கு குவிந்தால் இறங்கும். களத்துமேட்டில் நிற்கிற நமக்கு ரங்கூனில் என்ன நடக்கிறது என்று தெரியாது. போன வருஷம் இந்நேரம் என்ன விலை என்பது, இந்த வருஷ விலைக்கு எந்த உத்தரவாதமும் தராது.

அவர் கதை எப்படி முடிந்தது? விலை ஏறும் என்று மூட்டைகளை வீட்டு முன்னறையில் அடுக்கி வைத்தார். பயறு வண்டு வயலிலேயே நெற்றில் முட்டையிட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாகக் காயாத பயறாக இருந்தால் மூட்டைக்குள் ஒன்றரை மாதத்தில் பெருகி, உளுந்துக்கு ஒரு ஓட்டை என்று போட்டுவிடும். மூட்டையில் கையை விட்டால் சூடாக இருக்கும், எடுத்தால் விரலில் மாவு ஒட்டும். சித்திரையில் அவர் விற்றபோது, மாசியில் கடைக்காரர் சொன்ன விலைகூடக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு குவிண்டாலுக்கும் சேர்த்துப் போனது ஒரு பேத்தியின் பள்ளிக்கூடக் கட்டணம். கடைக்காரரோடு இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. அந்த மனிதர் அன்றைக்குச் சரியான விலையைத்தான் சொல்லியிருந்தார்.

இதை நான் நாலு பேரிடம் சொன்னபோது, ஒரு நண்பர் மறுத்தார். "செய்தியில தேதி இல்லாட்டா என்ன, போன்ல தேதி வருதே? பிப்ரவரி 20னு போட்டிருந்தா அது பிப்ரவரி 20 செய்திதானே?" என்றார். படித்தவர், நல்ல பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நம்மில் பெரும்பாலோர் நினைப்பதைத்தான் அவரும் சொன்னார், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே பதில் எழுதுகிறேன்.

போனில் தெரிகிற தேதி, அது உங்கள் கைக்கு வந்த தேதி. எழுதப்பட்ட தேதி இல்லை. தபாலில் எங்களுக்கு இரண்டு முத்திரை உண்டு. கடிதம் போட்ட ஊர் ஆபீசில் ஒன்று, வந்து சேர்ந்த ஆபீசில் ஒன்று. இரண்டையும் பார்த்தால் கடிதம் எங்கே எத்தனை நாள் தூங்கியது என்று சொல்லிவிடலாம். வாட்ஸப்பில் வந்து சேர்ந்த முத்திரை மட்டும்தான் இருக்கிறது. புறப்பட்ட முத்திரை இல்லை. ஒருவர் இன்னொருவருக்குத் தள்ளிவிடும்போது ஒவ்வொரு முறையும் பழைய தேதி அழிந்து புதுத் தேதி ஏறுகிறது. மேலே சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்தால் அது வேறு யாரோ எழுதி உங்களுக்குத் தள்ளப்பட்டது என்று அர்த்தம். அம்பு இரட்டையாக இருந்தால் பல கை மாறி வந்தது. இரட்டை அம்போடு வரும் விலைச் செய்தியை நான் விலைச் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை. கை மாறி வருவதற்குள் விலை மாறியிருக்கும்.

வேறு வகையிலும் பழசைக் கண்டுபிடிக்கலாம். கலெக்டர் பெயர் இருந்தால் அவர் இப்போது இந்த மாவட்டத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். "வரும் வியாழன் 15ஆம் தேதி" என்று இருந்தால் காலண்டரை எடுத்து, இந்த மாதம் 15ஆம் தேதி வியாழன்தானா என்று பாருங்கள். ஆடியில் வந்த செய்தியில் "அறுவடை மும்முரம்" என்று இருந்தால், நம் மானாவாரிக் காட்டில் ஆடியில் எவன் உளுந்து அறுக்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம். நம் வயசு போதும்.

தபால் ஆபீசிலும் இதே கூத்துதான். கிசான் விகாஸ் பத்திரத்துக்கு ஒரு பெரியவர் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டு வருவார். "போட்ட பணம் 123 மாதத்தில் இரட்டிப்பு." எங்கே கிடைத்தது என்றால், யாரோ கொடுத்தார்கள் என்பார். சிறுசேமிப்பு வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து அறிவிக்கிறது. சில சமயம் மாற்றும், சில சமயம் அப்படியே விடும். 123 மாதம் என்று இருந்தது 2022 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மட்டுந்தான். 2023 ஜனவரியில் 120 ஆயிற்று. ஏப்ரலில் 115 ஆகி, 2025 ஜூலையிலும் அதுவே நின்றது. அந்த நோட்டீசில் மாதக் கணக்கைப் பார்த்தாலே எந்தக் காலத்து நோட்டீஸ் என்று தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் பழைய நோட்டீஸ் பெரியவருக்கு நட்டம் தரவில்லை, லாபம்தான். ஆனால் வட்டி இறங்குகிற காலத்தில் இதே நோட்டீஸ் எதிர்ப்பக்கம் வெட்டும். அப்போது கவுண்டரில் உள்ள பிள்ளையோடு சண்டை. "நோட்டீஸ்ல போட்டிருக்கே, நீ ஏன் குறைச்சுச் சொல்லுத?"

தங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னையில் ஆபரணத் தங்கம் பவுன் 65,800. ஏப்ரல் 22ஆம் தேதி 74,320. இரண்டு நாளும் எல்லா இடத்திலும் தலைப்பு ஒன்றுதான்: "இன்றைய தங்கம் விலை." இரண்டுக்கும் நடுவே இருப்பது பதினாலு நாள், 8,520 ரூபாய். கல்யாணத்துக்குப் பத்துப் பவுன் என்று கணக்குப் போடுகிறவருக்கு 85,200. "இன்றைய" என்ற சொல்லின் விலை அது.

"நாளை" என்ற சொல் இன்னும் மோசம். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கானோர் தவித்தார்கள். அந்த வீடியோக்கள் இப்போதும் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் "சற்றுமுன்" என்ற தலைப்போடு சுற்றுகின்றன. அதோடு "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற செய்தியும். எந்த நாளின் நாளை? மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அறிவிப்பில் தேதி இருக்கும். அதைப் படித்து, சுருக்கி, தேதியை வெட்டிவிட்டு அனுப்புகிற புண்ணியவான் நம்மில் ஒருவர்தான்.

இந்த இடத்தில் நம் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டுவான் கோயில் பார்க்க வருகிறவர்கள் அப்படியே மேலே ஏறி, பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களைப் பார்ப்பார்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில் சின்னச் சின்ன வரிகள் இருக்கின்றன. இன்ன ஊர், இன்னார் செய்வித்த திருமேனி என்ற மாதிரி. ஊர் இருக்கிறது, பெயர் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் ஆண்டு இல்லை. அரசன் பெயரும் அவனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் உள்ள கல்வெட்டாக இருந்தால் அறிஞர்கள் காலத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடுவார்கள். ஆண்டு இல்லாதவற்றுக்கு எழுத்தின் வடிவத்தை வைத்து, எட்டாம் நூற்றாண்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்று நூறு வருஷ இடைவெளி விட்டுத்தான் சொல்கிறார்கள். எனக்கு அவர்களிடம் பிடித்தது அதுதான். கல்லில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் சொல்கிறார்கள். நாள் நட்சத்திரம் தெரிந்த மாதிரி நடிப்பதில்லை. ஆயிரத்து இருநூறு வருஷத்துக் கல்லுக்கு இவ்வளவு நிதானம் காட்டுகிறார்கள். நாம் நேற்று வந்த செய்திக்குக்கூடக் காட்டுவதில்லை.

இப்போது பதில் சொல்கிறவர்களுக்கு வருகிறேன். கேட்பவரைவிட இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். கேட்பவர் பாவம், அவசரத்தில் இருக்கிறார். பதில் சொல்பவருக்கு என்ன அவசரம்? "தெரியலை" என்று சொன்னால் கௌரவம் போய்விடும் என்ற பயம்தான். பெரிய மனுஷன் என்றால் எல்லா விலையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நாமே ஒரு பழக்கத்தை உண்டாக்கி வைத்திருக்கிறோம். அதனால் போன வாரம் காதில் விழுந்ததை இன்றைய விலையாகச் சொல்லிவிடுகிறோம். கேட்டவர் அதை மூன்று பேரிடம் சொல்வார். அதற்குள் உங்கள் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டுவிடும்: "சார் சொன்னாரு."

பழைய தரகர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் பங்குனி உத்திரத் திருவிழா மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். அந்த விலை அந்த மாட்டுக்கு, அந்த நேரத்துக்கு. மறுநாள் வந்து "நேத்து விரல்ல சொன்னீரே" என்று யாரும் கேட்க முடியாது, கேட்டால் சிரிப்பார்கள். விலைக்கு ஆயுசு உண்டு என்பது அவர்களுக்குப் பிறவியிலேயே தெரியும்.

கோவில்பட்டியில் பயறு வியாபாரத்தில் இருந்த பெரியவர் ஒருவர், இப்போது இல்லை, விலை கேட்டால் சொல்கிற விதமே வேறு. "அண்ணாச்சி, நேத்துச் சாயங்காலம் கோயில்பட்டியில நயம் உளுந்து, நல்லாக் காஞ்சது, இன்ன விலைக்கு ஒரு லாட் முடிஞ்சுது. நான் கண்ணால பார்த்தேன். விருதுநகர்ல இன்ன விலைன்னு சொல்லுதாக, அது கேள்விப்பட்டதுதான். இன்னைக்கு இன்னும் ஏலம் ஆரம்பிக்கலை." அவ்வளவுதான். இதில் பாருங்கள், எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது. நாள், நேரம், ஊர், ரகம், ஈரப்பதம், தான் பார்த்தது எது, கேட்டது எது, தெரியாதது எது. "தெரியாது" என்பதையும் அவர் ஒரு தகவலாகவே கொடுத்தார். ஏலம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்தால், நான் பத்து மணி பஸ்ஸுக்குப் பதில் பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்கலாமே.

"விலையைக் கேட்டா விலையைச் சொல்லு, இத்தனை கதை எதுக்கு" என்பார்கள். கதை இல்லாத விலை எதற்கும் உதவாது. ஒருவர் சொன்னது நூறு கிலோ குவிண்டாலுக்கு, இன்னொருவர் சொன்னது ஒரு மூட்டைக்கு. மூட்டை எத்தனை கிலோ? ஒருவர் சொன்னது கடையில் கேட்ட விலை. அதில் கமிஷன், எடைக்கூலி, சாக்கு எல்லாம் கழிந்து கையில் வருவது வேறு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணம் வாங்குகிற வியாபாரி தலையில்தான். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே எண்ணாக இருந்தாலும் கையில் விழும் பணம் ஒன்றல்ல. ஆதார விலை என்றால் அது இன்னொரு வகை. அரசுக் கொள்முதல் திறந்திருக்கும் நாட்களில், ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகாமல், கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கலும், ஆதாரும், வங்கிப் புத்தகமும் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் விலை அது. நாளைக் காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் எந்தக் கடையிலும் கேட்கக்கூடிய விலை கிடையாது.

அரசாங்கம் வெளியிடும் சந்தை நிலவரப் பட்டியலில் இந்த ஒழுங்கு ஓரளவு இருக்கிறது. சந்தையின் பெயர், ரகம், குறைந்த விலை, அதிக விலை, அன்றைக்குப் பெரும்பாலான சரக்கு எந்த விலைக்கு முடிந்ததோ அந்த விலை, தேதி என்று கட்டம் கட்டியிருக்கும். நம் ஆட்கள் அதில் அதிக விலைக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புவார்கள். அது ஒரே ஒரு நயம் லாட்டுக்குக் கிடைத்ததாக இருக்கலாம். பார்க்க வேண்டியது பெரும்பாலான சரக்கு முடிந்த விலையை. இன்னொன்று, ஒரு சந்தையில் வரத்து இல்லாத நாளில், பல பட்டியல்களில் கடைசியாக வரத்து இருந்த நாளின் எண்ணே நின்றுகொண்டிருக்கும். அதைக் கடைசி விலை என்று சொல்லலாம். இன்றைய விலை என்று சொல்லக் கூடாது. தேதிக் கட்டத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்களே!

எங்கள் பென்ஷனர் கூட்டத்தில் போன மாதம் இதை ஒரு கோரிக்கையாகவே வைத்தேன். விலையோ செய்தியோ அனுப்புகிறவர் முதல் வரியில் தேதியும் ஊரும் எழுதட்டும், இரண்டாவது வரியில் பார்த்ததா கேட்டதா என்று எழுதட்டும், தேதி தெரியாவிட்டால் "தேதி தெரியவில்லை" என்று எழுதட்டும் என்றேன். இரண்டு பேர் ஆமோதித்தார்கள். ஒருவர், "இவருக்கு இன்னும் ஆபீஸ் முத்திரை கையை விட்டுப் போகலை" என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் அதே நண்பரிடமிருந்து ஒரு செய்தி: பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் 15 கடைசித் தேதி, உடனே கட்டவும். வருஷம் இல்லை. ஜூன் மாதத்தில் வந்தது.

இந்தப் பதிவுக்கு வருவதற்கு முன்பே சிலர் என்னிடம் உளுந்து விலை கேட்டிருந்தீர்கள், அவர்களுக்குப் பதில். இன்று 2025 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, ஆடி 4. எனக்கு உறுதியாகத் தெரிந்தது, 2025 மே 28ஆம் தேதி மத்திய மந்திரிசபை அடுத்த பருவத்துக்கு அறிவித்த ஆதார விலை: உளுந்து குவிண்டால் 7,800, பாசிப்பயறு 8,768. இது 2025-26ஆம் பருவத்துக்கு. இன்னும் நாம் விதைக்கவே இல்லை. கோவில்பட்டி வெளிச்சந்தையில் நேற்று என்ன விலைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது, கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. கேட்டால், எந்தக் கடை வாசலில் எத்தனை மணிக்குக் கேட்டேன் என்பதோடு எழுதுகிறேன்.